கேரியர் தெரியணும், கொக்கி தெரியக்கூடாது: டீசர் படத்துக்கு ரிம் லைட்

#1 · சிப்புட்_பாத்திரக்கடை

வணக்கம். சுங்கை சிப்புட் டவுனில் பாத்திரக்கடை. தீபாவளிக்கு எங்கள் கடைப் பெயரிலேயே மூன்றடுக்கு டிபன் கேரியர் இறக்குகிறோம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குறுக்களவு 14 செ.மீ., கைப்பிடியோடு உயரம் 32 செ.மீ. புதுசு என்னவென்றால் பக்கக் கம்பி ஒன்றில் இருக்கிற கொக்கி. ஒரு கையால் தட்டினால் திறந்துகொள்ளும். கேரியரின் உடம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. வெளியே துருத்தி நிற்கும்.

இரண்டு வாரம் முன்னாடியே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு டீசர் போடணும். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு, உள்ளே ஒன்றும் தெரியக்கூடாது. போனில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு எல்லாம் சாம்பலாக வருகிறது, மூடியில் கடை ட்யூப் லைட் ஆறும் வரிசையாக நிற்கிறது, கொக்கி அப்பட்டமாகத் தெரிகிறது. கையில் இருப்பது 3x லென்ஸ் உள்ள போன், ஸ்டாண்ட், 4 அடி எல்.இ.டி. ட்யூப் இரண்டு. ஈப்போவுக்குப் போய் ஸ்டூடியோ பிடிக்காமல் கடைக்குள்ளேயே முடியுமா?

#2 · தங்கராசு_மாமா

தம்பி, சில்லவுட் படத்துக்கு லைட்டே வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால செம்பனை ஓரமா நின்னு, சூரியனைப் பின்னால வச்சு எடு. ஆளு கறுப்பா விழும், வானம் செக்கச்செவேல்னு இருக்கும். கல்யாண ஜோடி எல்லாம் அப்படித்தான் எடுக்கிறாங்க.

#3 · சிப்புட்_பாத்திரக்கடை

மாமா, அது வெளிச்சமான பின்னணியில் கறுப்பு உருவம். எனக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: பின்னணியும் கறுப்பு, பொருளும் கறுப்பு, ஓரம் மட்டும் வெள்ளை.

#4 · பிக்சல்_பாண்டி

இதுக்குப் போய் லைட் எல்லாம் எதுக்கு அண்ணே? கேரியரை எப்படி வேணும்னாலும் எடுங்க. போட்டோஷாப்பில் அவுட்லைன் வெட்டி, உள்ளே முழுக்கக் கறுப்பு ஊத்தி, லேயர் ஸ்டைலில் இன்னர் க்ளோ போட்டால் பத்து நிமிஷ வேலை. கொக்கியைப் பாத் வெட்டும்போதே விட்டுடலாம்.

#5 · கறுப்புத்துணி

பாண்டி சொல்வதில் பாதி சரி. உள்ளே கறுப்பு ஊற்றுவது கடைசியில் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். இன்னர் க்ளோதான் காலை வாரும். அது சுற்றிலும் ஒரே கனத்தில், ஒரே வெளிச்சத்தில் கோடு போடும், அடிப்பாகம் உட்பட. பார்க்கிறவருக்கு ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும், ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியாது. நிஜ விளிம்பு ஒளிக்குத் திசை உண்டு. கேரியரில் இரண்டு அடுக்கு சேரும் பள்ளத்தில் கோடு அறுந்து, கீழே இருக்கும் வளையத்தில் ஒரு புள்ளியாக மினுக்கி, மறுபடி தொடங்கும். அந்த அறுப்பைப் பார்த்துத்தான் "அட, டிபன் கேரியர்" என்று ஆளுக்குப் பிடிபடும். அதை வரைந்து கொண்டுவருவதைவிட எடுப்பது சுலபம்.

கடைக்காரத் தம்பி, முதலில் சாம்பல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். இரண்டு காரணம் சேர்ந்திருக்கும். ஒன்று போன். நைட் மோட், எச்.டி.ஆர். இரண்டுமே இருட்டைக் கண்டால் தூக்கி வெளிச்சம் பண்ணத்தான் இருக்கின்றன. ப்ரோ மோடுக்குப் போய் ஐ.எஸ்.ஓ. 50 அல்லது 100, ஷட்டர் 1/50 வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் ட்யூப் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக விழாது. இரண்டாவது காரணம் கடைச் சுவர். பளபளப்பான ஸ்டீலுக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். வெள்ளைச் சுவர் இருந்தால் கேரியர் சாம்பல்தான். ராத்திரி ஷட்டரை இறக்கி, எல்லா விளக்கையும் அணைத்து, கேரியரின் முன்பக்கம், இரண்டு பக்கம், மேலே என்று கறுப்பு வெல்வெட் தொங்க விடுங்கள். மேலே விடுவதுதான் முக்கியம். மூடி குமிழாக இருப்பதால் கூரை முழுவதையும் வாங்கிக் காட்டும். நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ட்யூப் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது சுத்தக் கறுப்பாக விழும்வரை விளக்கைத் தொடாதீர்கள்.

#6 · சிப்புட்_பாத்திரக்கடை

நன்றி அக்கா. துணிக்கடையில் வெல்வெட் வாங்கியாச்சு. ட்யூப் எங்கே வைப்பது? பக்கவாட்டில் வைத்தால் கோடு ஓரத்தில் விழாமல் உள்ளே தள்ளி, தடிப்பாக விழுகிறது.

#7 · கறுப்புத்துணி

பக்கவாட்டில் வைத்தால் அப்படித்தான் விழும். உருண்டையான பொருளின் விளிம்புக்குப் போகப் போக அது பக்கத்தைக் காட்டாது, முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். அதனால் கோடு ஓரத்தோடு ஒட்டணும் என்றால் விளக்கு பின்னால் போகணும்.

உங்கள் கேரியருக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமராவிலிருந்து கேரியர் வழியாக நேராக ஒரு கோடு போட்டு, அதன் வால் பின்சுவரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அந்த வாலிலிருந்து 30 முதல் 60 பாகை விலகி நின்றால், ஸ்டீலில் 7 மி.மீ. அகலத்துக்குப் பட்டை விழும், அதற்கு வெளியே இரண்டரை மி.மீ. கறுப்பு விளிம்பு மிஞ்சும். உங்களுக்கு இப்போது வருவது இதுதான். அதே விளக்கை 14 முதல் 30 பாகைக்குள் தள்ளினால் பட்டை 2 மி.மீ.க்குச் சுருங்கி, ஓரத்தில் அரை மி.மீ. மட்டும் கறுப்பு விட்டு ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த அரை மி.மீ. கண்ணுக்குத் தெரியாது.

அளவாகச் சொன்னால், கேரியருக்கு 1 மீட்டர் பின்னால், நடுக்கோட்டிலிருந்து 24 செ.மீ.யில் தொடங்கி 58 செ.மீ. வரைக்கும் ஒளிரும் பரப்பு இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். ட்யூபை வெறுமனே வைத்தால் அது ஒல்லி, கோடும் மயிரிழையாகத்தான் வரும். ஒரு சட்டத்தில் டிரேசிங் பேப்பரை 35 செ.மீ. அகலத்துக்கு இழுத்துக் கட்டி, அதற்கு 15–20 செ.மீ. பின்னால் ட்யூபைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ட்யூப் தாளின் நடுவில் வேண்டாம், கேரியர் நடுக்கோட்டுப் பக்கத்து ஓரமாக இருக்கட்டும். அப்படி வைத்தால் கோடு விளிம்பில் பளிச்சென்று தொடங்கி உள்ளே போகப் போக மங்கிக் கரையும். விலையுயர்ந்த பொருளின் டீசரில் நாம் பார்க்கிற அந்த வழுக்கல் இப்படித்தான் வருகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விளக்கு இவ்வளவு பின்னால் போனால் படத்துக்குள்ளேயே வந்துவிடும். அதற்காக போனை 3 மீட்டர் தள்ளி வைத்து 3x லென்ஸில் எடுங்கள். விளக்குச் சட்டம் படத்தின் இரு ஓரத்திலும் தெரியும், தெரியட்டும். கேரியரைச் சுற்றி 36 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்தால் அது போய்விடும். 12 மெகாபிக்சல் படத்தில் அப்படி வெட்டினாலும் ஆயிரம் பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே அகலம் மிஞ்சும், ஃபேஸ்புக்குக்கு அது போதும். போனுக்கும் விளக்குக்கும் நடுவில், லென்ஸுக்குப் பக்கத்தில் விளக்குக்கொரு கறுப்பு அட்டை நிறுத்துங்கள். இல்லையென்றால் நேர் வெளிச்சம் லென்ஸில் அடித்து படம் முழுக்கப் புகை மூட்டம் போட்டது மாதிரி ஆகிவிடும்.

போன் கேரியரின் பாதி உயரத்தில் இருக்கட்டும். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு அடுக்கின் வாயும் வில்லாக வளைந்து ஒளியை வாங்கிக் காட்டிக்கொடுக்கும்.

#8 · மல்லிகா_ஆயில்

இதே முறை கண்ணாடி பாட்டிலுக்குச் சரிவருமா? நாங்கள் வீட்டில் காய்ச்சும் கூந்தல் தைலத்துக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். லேபிள் மட்டும் தெரியக்கூடாது.

#9 · கறுப்புத்துணி

கண்ணாடிக்கு வேறு வழி, மல்லிகா. ஸ்டீல் ஒளியைத் திருப்பி அனுப்பும், கண்ணாடி ஒளியை வளைத்து உள்ளே விடும். பாட்டிலுக்கு நேர் பின்னால் பெரிய வெள்ளைப் பரப்பை ஒளியூட்டி, அதற்கு முன்னால் படச் சட்டத்தைவிடக் கொஞ்சமே பெரிய கறுப்பு அட்டையை நிறுத்தினால், அட்டையைத் தாண்டி வரும் ஒளி கண்ணாடியின் விளிம்பில் மட்டும் பிடிக்கும். பாட்டில் நிரம்பியிருந்தால் அது லென்ஸ் மாதிரி வேலை செய்து பின்னால் இருப்பதை இடம் வலம் மாற்றி உள்ளே காட்டும், அதனால் முதலில் காலி பாட்டிலில் முயன்று பாருங்கள். லேபிள் கறுப்பாகவே நிற்கும், ஆனால் காகிதத்தின் இரண்டு ஓரமும் லேசாகத் தெரியும். இதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.

#10 · பிக்சல்_பாண்டி

சரி அக்கா, க்ளோ வேண்டாம். ஆனா கொக்கியை என்ன பண்றது? ரிம் லைட் போட்டாலும் ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்குமே. வெட்டித்தானே ஆகணும்?

#11 · கறுப்புத்துணி

வெட்ட வேண்டாம், திருப்பினால் போதும். கைப்பிடி நேராகத் தெரிகிற நிலையில் பக்கக் கம்பி இரண்டும் இடது வலது ஓரத்தில் நிற்கும், அப்போது கொக்கி முழுசாக வெளியே. கொக்கி இருக்கும் கம்பி பின்னால் போகிற மாதிரி கேரியரைத் திருப்புங்கள். 30 பாகை திருப்பினால் கொக்கி இன்னும் 4 மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்கும். 45 பாகையில் கேரியரின் உடம்புக்குப் பின்னால் முழுக்க மறைந்துவிடும், ஒரு செ.மீ. ஒதுக்கமும் கிடைக்கும். கைப்பிடி அகலம் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அது பரவாயில்லை. ஒரேயடியாக 90 பாகை திருப்பினால் கைப்பிடி ஒற்றைக் குச்சியாகி, கேரியர் என்னவோ பிஸ்கட் டின் அடுக்கியது போல் ஆகிவிடும்.

#12 · ஆர்வக்கோளாறு

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொக்கியை முழுக்க மறைத்தால் படத்தில் இருப்பது ஊரெல்லாம் விற்கும் சாதாரண கேரியர். அதைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்? அந்த 4 மி.மீ. எட்டிப் பார்க்கட்டும், "அது என்ன பக்கத்துல?" என்று கமெண்ட் வரும். டீசருக்கு வேண்டியது அதுதானே?

#13 · கறுப்புத்துணி

அது வியாபார முடிவு, லைட் முடிவு இல்லை. நான் மறைப்பேன். 4 மி.மீ. என்பது படத்தில் கொக்கி மாதிரித் தெரியாது, கேரியர் நசுங்கியிருப்பது மாதிரித் தெரியும்.

#14 · எக்ஸிஃப்_அரசு

படம் எடுத்தபிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிறது என்பதால் கோப்பிலும் கறுப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. போனில் எடிட் போய் பிரைட்னஸ், ஷேடோ இரண்டையும் மேலே தள்ளினால் உள்ளே இருப்பது எழுந்து வரும். டீசரைப் பார்த்ததும் முதலில் இதைச் செய்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போடுவதற்கு முன்னால் நீங்களே செய்து பாருங்கள். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரி:

```
magick teaser.jpg -level 0%,10% check.png
```

அடிமட்டத்துப் பத்து சதவீத இருட்டை முழு வெளிச்சத்துக்கு இழுத்துக் காட்டும். அதில் அடுக்கு, கம்பி, உங்கள் மூஞ்சி ஏதாவது தெரிந்தால் லெவல்ஸில் கறுப்பு முனையை 0-விலிருந்து 12 அல்லது 15-க்கு நகர்த்துங்கள். பாண்டி சொன்ன கறுப்பு ஊற்றும் வேலை இந்த இடத்தில்தான். ஆனால் கறுப்பு லேயரை 90 சதவீதத்தில் விடக்கூடாது, நூறு.

அடுத்தது, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் படம். சில கேமராவும் எடிட்டரும் முதலில் எடுத்த படத்தின் சின்ன நகலை கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும், நீங்கள் வெட்டி இருட்டாக்கியதெல்லாம் அதில் ஏறியிருக்காது. இருக்கிறதா என்று பார்க்க முதல் வரி, துடைக்க இரண்டாவது:

```
exiftool -b -ThumbnailImage teaser.jpg > thumb.jpg
exiftool -all= --icc_profile:all teaser.jpg
```

இரண்டாவது வரியில் `--icc_profile:all` என்ற பகுதியை விட்டுவிட்டால் நிறக்குறிப்பும் சேர்ந்து அழிந்து, சில திரையில் நிறம் மாறும். வேலை முடிந்ததும் பக்கத்தில் `teaser.jpg_original` என்று பழைய கோப்பு நிற்கும். அவசரத்தில் அதையே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், பெயர் உட்பட. `carrier-lock-final.jpg` என்று பெயர் வைத்துவிட்டு ரகசியம் என்று சொல்லிப் பயனில்லை.

#15 · சிப்புட்_பாத்திரக்கடை

நேற்று ராத்திரி எடுத்தேன். 45 பாகை, 3 மீட்டர், எல்லாம் அக்கா சொன்னபடி. கோடு அருமையாக ஓரத்தில் ஒட்டி விழுந்தது, பள்ளத்தில் அறுகிறது, வளையத்தில் புள்ளி மினுக்குகிறது. அரசு அண்ணன் வரியைப் போட்டேன், கைரேகை இரண்டு எழுந்து வந்தது. துடைத்துவிட்டு, கையுறை போட்டுத் தூக்கி வைத்து மறுபடி எடுத்தேன்.

இன்னும் ஒரு குறை. உடம்பின் வலது பக்கம், நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில், மேலிருந்து கீழ்வரை மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு. எடிட்டில் அழித்தால் பக்கத்துக் கறுப்பு திட்டுத் திட்டாகிறது.

#16 · பிக்சல்_பாண்டி

உங்க சட்டை அண்ணே. வெள்ளைப் பட்டன் இருக்கும்.

#17 · கறுப்புத்துணி

சட்டை என்றால் அடுக்கின் நடுவில், அகலமாக, மங்கலாக விழும். இது ஓரத்தைப் பார்த்து, மெல்லிசாக, மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் போகிறது. அடுக்குப் பள்ளத்திலும் அறுபடவில்லை என்றால் அது கேரியரின் உடம்பில் இல்லை, முன்னால் நிற்கும் பக்கக் கம்பியில் இருக்கிறது. வலது ட்யூபை மட்டும் அணைத்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் நிச்சயம்.

கம்பி உடம்பை விட்டு அரை செ.மீ. தள்ளி நிற்பதால், உடம்புக்கு மறைகிற விளக்கின் ஓரம் கம்பிக்கு மறையவில்லை. இது நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது, 45 பாகை என்று சொல்லும்போது கம்பியை மறந்துவிட்டேன். இரண்டு வழி இருக்கிறது. இன்னும் 15 பாகை திருப்பினால் கம்பி விளக்கின் பார்வையிலிருந்து விலகும், ஆனால் கைப்பிடி பாதியாகக் குறுகும். திருப்ப மனசில்லை என்றால் முன் கம்பியில் மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு டேப்பைச் சுற்றுங்கள். கறுப்புக்கு மேல் கறுப்பு, யாருக்கும் தெரியாது. மின்வேலைக்குச் சுற்றும் பளபளக்கும் டேப் ஆகாது, அதுவே இன்னொரு கோடு போடும். துணி டேப் பாருங்கள்.

#18 · சிப்புட்_பாத்திரக்கடை

வலது ட்யூபை அணைத்தேன், கோடு போச்சு அக்கா. கம்பிதான். துணி டேப் சுற்றி எடுத்ததில் கறுப்பு சுத்தம்.

இன்னொன்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுப் பார்த்தால் பின்னணியில் நான் வைத்த லேசான நீல மங்கல் வட்டம் வட்டமாக, படிக்கட்டு மாதிரி உடைகிறது. ஃபேஸ்புக்கில் அவ்வளவு இல்லை.

#19 · எக்ஸிஃப்_அரசு

இருட்டில் நிறம் மெதுவாக மாறினால் அங்கே கிடைப்பது கொஞ்சம் படிகள்தான், வாட்ஸ்அப் அதையும் சுருக்கி நசுக்கிவிடும். அந்த மங்கலின் மேல் ஒன்று அல்லது இரண்டு சதவீத நாய்ஸ் தூவிவிட்டு ஏற்றுங்கள், படிகள் கலைந்துவிடும். கேரியர் உடம்பின் மேல் தூவ வேண்டாம், அது முழுக் கறுப்பாகவே இருக்கட்டும். ஸ்டேட்டஸில் சுருக்கம் கடுமை என்பதால் அங்கே முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதற்கு மட்டும் நீலமே இல்லாத வெறும் கறுப்புப் பின்னணியில் இன்னொரு படம் செய்யலாம்.

#20 · ஆர்வக்கோளாறு

எல்லாம் சரி, அந்த 4 மி.மீ. விஷயம்? இரண்டு படமும் எடுத்து வையுங்கள். முதல் வாரம் மறைத்தது, இரண்டாம் வாரம் எட்டிப் பார்ப்பது.

#21 · சிப்புட்_பாத்திரக்கடை

வீட்டில் இதே சண்டைதான் ஓடுகிறது. டேப்பை அவிழ்க்கவில்லை, இன்றைக்கு ராத்திரி 30 பாகையிலும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.